சீட்டு பொய் சொன்னால்

சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. "நர்ஸ் பார்க்கலையா மேடம்?" என்றார்கள் உப்பளத்தில் என்னிடம் படிக்கும் செவிலிய மாணவிகள். ரத்தப் பிரிவு, பை எண், காலாவதி நாள், பரிசோதனைச் சீட்டு: கட்டிலருகே அவளால் சரிபார்க்க முடிவது இவ்வளவுதான். பொய் சொன்னது சீட்டு.

2016-இலேயே அந்தக் கொடையாளிக்குத் தொற்று தெரிந்திருந்தது. தகவல் அவரைச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அறிந்ததும் அவரே வந்து சொன்னார். அமைப்பு சொல்லவில்லை.

தவறைச் சொல்பவரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. காப்பு தராமல் செவிலியிடம் துணிச்சலை மட்டும் கேட்பது அநியாயம். அதனால்தான் என் மாணவிகளுக்குச் சொல்கிறேன்: வாயால் மட்டும் சொல்லாதே. நாள், நேரம், பை எண்ணோடு எழுதிக் கொடு; நகலில் கையெழுத்து வாங்கு.