சோதனையா, வெட்டியா?

புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனம். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு மனுப் போட்ட நம் தோழர் ஒருவருக்கு, 'தேர்வு' என்று ஆறு பக்க ஆங்கில அறிக்கையைக் கொடுத்தனுப்பியது. வீட்டில் வைத்து நாலு நாளில் முடிக்கணும். நேரு வீதித் துணிக்கடையில் ராத்திரி வரைக்கும் நிற்கிறவர் அவர். இரண்டு நாள் கூலியை விட்டுத்தான் முடித்தார். பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வந்தவை 13 முதல் 18 வரையான பக்கங்கள். கூட மனுப் போட்டவருக்கு 19 முதல் 24. ஆளுக்கொரு துண்டு. அறிக்கை ஓசியில் தமிழாகிவிட்டது. வேலை இரண்டு பேருக்கும் கிடைக்கல.

ஊருக்கு வெட்டி செய்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு வெட்டியைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதுகூடக் கட்டாய உழைப்புதான் என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வேலைத் தேர்வைப் பற்றியதல்ல. ஆனால் பசிதான் ஒருவரைச் சம்மதிக்க வைக்கிறது என்ற அதன் நியாயம் இங்கேயும் பொருந்தும்.

அப்போ தேர்வே வேணாமா? வேணும். நேர்காணல் மட்டும் என்றால் பேரையும் ஊரையும் பேச்சையும் பார்த்து ஆள் எடுப்பார்கள். செய்த வேலையைப் பார்த்து எடுப்பதே நமக்குப் பாதுகாப்பு.

திறமையைப் பார்க்க ஆறு பக்கம் எதற்கு? 250 சொற்கள் போதும். ஏற்கெனவே தமிழில் அச்சாகிவிட்ட ஒரு நூலிலிருந்து, எல்லோருக்கும் ஒரே பத்தி. அதில் ஒரு சட்டச் சொல், ஒரு மரபுத்தொடர், சுற்றி வளைத்த ஒரு நீள வாக்கியம் இருந்தால் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது தெரிந்துவிடும். முதலில் அலுவலகத்து ஆள் ஒருவர் கடிகாரம் வைத்துச் செய்து பார்க்கட்டும். அவருக்கு முக்கால் மணி ஆனால், புதியவருக்கு ஒன்றரை மணி. ஞாயிறும் சேர்த்து ஒரு வாரம் தவணை. வீட்டில் இடமோ கணினியோ இல்லாதவருக்கு அலுவலகத்திலேயே ஒரு மேசை.

மதிப்பெண் முறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: பொருளுக்கு 10, தமிழுக்கு 5, கலைச்சொல்லுக்கு 5. தாளில் பேர் வேண்டாம், எண் மட்டும். சேரிப் பேச்சு கலந்த வரியைப் 'பிழை' என்று கழிக்கிற கை நமக்குத் தெரியும். எழுத்துத் தமிழ்தான் வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே எழுதிக் கொடுக்கட்டும். பிறகு கால் மணி நேரப் பேச்சு. "இந்தச் சொல்லை ஏன் போட்டீங்க?" என்று கேட்டால் போதும், வேறு யாராவது செய்து கொடுத்ததா என்பது வெளியே வந்துவிடும்.

சின்னத் தேர்வு ஒன்றைக் காட்டாது. நூறு பக்கத்தைச் சோராமல் முடிப்பாரா என்பதை. அதைப் பார்க்கணுமா? ஒரு வாரம் கூலி கொடுத்து வைத்துப் பாருங்கள்.

தோழர்களே, தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் பக்க எண்ணைப் பாருங்கள். "எல்லாருக்கும் இதே பகுதிதானா?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், அது சோதனை இல்லை. வெட்டி.