ஸ்பைக்ஸ் வாங்கலாமா? ஒரு பி.காம். மாணவனின் கணக்கு

பேலன்ஸ் ஷீட் படிக்கிறவனுக்கு ஓட்டப்பந்தய ஷூவில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். எனக்கும் பெரிய வேலை ஒன்றும் இல்லை. பள்ளியில் 200 மீட்டர் ஓடினேன், மாவட்ட அளவோடு கதை முடிந்தது. ஆனால் போன வருஷம் சித்தி பையனுக்கு ஸ்பைக்ஸ் வாங்கிய விவகாரத்தில் நானும் உடந்தை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் பதிவு.

தம்பி ஒன்பதாவது. 100 மீட்டர் ஓடுவான். குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தான், அதுவும் வெறுங்காலில், செம்மண் தரையில். அடுத்தது வருவாய் மாவட்டப் போட்டி, அது சிந்தெடிக் ட்ராக்கில். "ஸ்பைக்ஸ் இல்லாம அங்க போய் நின்னா அசிங்கமா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா" என்றான். சித்தப்பா தையல் கடை வைத்திருப்பவர். சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். இணையத்தில் தேடி, பெரிய ஓட்டக்காரர்கள் போடுகிற மாதிரியே தெரிந்த ஒன்றை 6,400 ரூபாய்க்கு ஆர்டர் செய்தது சாட்சாத் நான்தான்.

அந்த ஷூவில் இரண்டு தப்பு இருந்தது.

முதல் தப்பு பின். பெட்டியிலேயே 9 மில்லிமீட்டர் பின் மாட்டி வந்தது. நீளமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நானும் நினைத்தேன். வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடக்கும் பள்ளி மைதானத்தில் 9 மி.மீ. பின் முழுசாக இறங்காது. பாதி இறங்கி நிற்கும். பையன் தரையில் ஓடவில்லை, ஆணி மேல் நின்று ஓடுகிறான். கால் ஆடும், அடிப்பாதத்தில் ஒவ்வொரு பின்னும் தனித்தனியாகக் குத்துவது தெரியும். தம்பி முதல் நாளே "முள்ளு மேல ஓடுற மாதிரி இருக்கு" என்றான். பழகினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். (இதற்காகவே என்னை நாலு சாத்து சாத்தலாம்.)

பின் நீளம் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பத்து அடி ஓடச் சொல்லிவிட்டுக் காலடித் தடத்தைப் பாருங்கள். பின் துளையும், அதைச் சுற்றி ஷூவின் அடித்தட்டு பதிந்த தடமும் சேர்ந்து தெரிந்தால் நீளம் சரி. வெறும் துளைகள் மட்டும் தெரிந்தால் பின் அந்தத் தரைக்கு அதிகம். துளையோடு மண் பெயர்ந்து, கால் பின்னால் வழுக்கிய கோடும் இருந்தால் குறைவு. மழை பெய்து இளகின மண்ணில் 9, சில சமயம் 12 கூடத் தேவைப்படும். சிந்தெடிக்கில் 6 போதும். விதிப்படி சிந்தெடிக்கில் ஸ்பிரிண்டுக்கு 9 வரை போகலாம் என்றாலும், ரப்பர் கிழிகிறது என்று 6-க்கு மேல் அனுமதிக்காத மைதானங்கள் பல உண்டு. போட்டிக்கு முன்னால் விசாரித்துவிடுவது நல்லது.

சிந்தெடிக்கில் ஏன் குட்டைப் பின் போதும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1968-ல் அமெரிக்காவின் எக்கோ சம்மிட்டில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. ஜான் கார்லோஸ் 200 மீட்டரை 19.92 நொடியில் ஓடினார். போட்டிருந்த ஷூவின் அடியில் பிரஷ் மாதிரி 68 குட்டிப் பின்கள்! ரப்பருக்குள் ஆழமாக இறங்க வேண்டியதில்லை, மேலாகப் பிடித்தாலே போதும் என்ற யோசனை. அத்தனை பின்னுக்கு விதியில் இடம் இல்லை என்று அந்த ஓட்டத்தை உலக சாதனையாக ஏற்கவில்லை. இன்றைக்கும் ஒரு ஷூவில் 11 பின்னுக்கு மேல் கூடாது.

இரண்டாவது தப்புதான் பெரியது. அடித்தட்டின் விறைப்பு. ஓடும்போது கட்டைவிரல் அடிமூட்டில் பாதம் மடங்குகிறது. மடங்கும்போது உள்ளே போகிற சக்தியில் பெரும்பகுதி திரும்பி வருவதில்லை. விறைப்பான தட்டு அந்த மடிப்பைக் குறைக்கிறது, அதனால்தான் வேகம். ஆனால் இதற்கு விலை உண்டு. மடங்காத பாதம் நீளமான நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அதைத் தூக்கித் தள்ளுகிற வேலை முழுக்கக் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நரம்புக்கும் போகும். ஸ்பைக்ஸில் குதிகால் உயரமும் கிடையாது, ஆகவே அந்தத் தசை ஏற்கெனவே இழுபட்டுதான் நிற்கும். வருஷக்கணக்கில் எடை தூக்கிப் பழகிய இருபத்தைந்து வயதுக்காரர் தாங்குவார். பதினாலு வயதுப் பையன் தட்டை மடக்க முடியாமல் அதன் மேலேயே தட்டுத்தடுமாறி ஓடுவான்.

2004-ல் ஸ்டெஃபனிஷின், ஃபஸ்கோ என்ற இருவர் ஓட்டக்காரர்களின் ஷூவுக்குள் வெவ்வேறு விறைப்புள்ள தட்டுகளை வைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக விறைப்பு கூடினால் வேகம் கூடியது உண்மை. ஆனால் யாருக்கு எந்த விறைப்பு சரி என்பது ஆளுக்கு ஆள் மாறியது. எடை, உயரம், ஷூ சைஸ், திறமை எதை வைத்தும் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, படத்தைப் பார்த்து ஆர்டர் செய்த என்னை என்ன சொல்வது?

கடையில் வாங்கினால் ஒரு சோதனை செய்யலாம். முனையையும் குதிகாலையும் பிடித்து, ஓடப்போகிற பையனையே இரண்டு கையாலும் மடக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முக்கி மடக்க முடிந்தால் பரவாயில்லை. அசையவே இல்லையென்றால் அது அவனுக்கு வேண்டாம். கார்பன் தட்டெல்லாம் கல்லூரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சாதாரண நைலான் தட்டு போதும்.

தம்பிக்குப் பத்தாம் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கைக்கடிகார நேரம் சாதா ஷூவில் 12.6. ஸ்பைக்ஸிலும் 12.6. மாவட்டப் போட்டியில் ஹீட்ஸில் நொண்டிக்கொண்டே ஐந்தாவதாக வந்தான். வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. சித்தப்பாவும் காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். தேய்மானக் கணக்கில் சொத்தின் ஆயுள் என்று ஒன்று உண்டு. இங்கே ஆயுளைத் தீர்மானிப்பது ஷூ இல்லை, கால். பதினாலு வயதுக் கால் வருஷத்துக்கு ஒரு சைஸ் ஏறிவிடும். அந்த வருஷத்தில் தம்பிக்கு ஹீட்ஸ், ஃபைனல் எல்லாம் சேர்த்து எட்டு ஓட்டம் கிடைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓட்டத்துக்கு 800 ரூபாய். பெரிதாக வாங்கி அடுத்த வருஷமும் போடலாம் என்று தோன்றும். கூடாது, ஸ்பைக்ஸ் உள்ளே கால் நகர்ந்தால் பின் பிடித்தும் பயனில்லை.

என் கருத்து இதுதான். குறுவட்டம் வரை, மண் தரை என்றால், ஸ்பைக்ஸ் வேண்டாம். மாவட்டத்துக்குத் தேர்வாகி, வாரத்தில் மூன்று நாளாவது முறையாகப் பயிற்சி எடுத்து, சிந்தெடிக்கில் ஓடப்போகிறான் என்றால் வாங்கலாம். அப்போதும் 1,500 ரூபாய் சுற்றில், பின் கழற்றி மாட்டும் வசதியுள்ள ஒன்று. போட்டிக்கு ஆறு வாரம் முன்பே வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பயிற்சியின் கடைசியில் மூன்று நான்கு 60 மீட்டர் மட்டும், அதுவும் முழு வேகத்தில் இல்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது கெண்டைக்காலோ குதிகாலோ வலித்தால் அந்த வாரம் ஷூ பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்று, சிமெண்ட் தரையில் ஸ்பைக்ஸோடு நடக்க விடாதீர்கள். பின் மழுங்கிவிடும். மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றி மரையில் கொஞ்சம் வாசலின் தடவாவிட்டால் துருப்பிடித்து இறுகி, சாவி போட்டாலும் வராது.

அந்த 6,400 ரூபாய் ஷூவை என் ஜூனியர் ஒருவர் 3,000-க்கு வாங்கிக்கொண்டார், கல்லூரி அணியில் ஓடுகிறவர். தம்பிக்கு இந்த வருஷம் 1,400-ல் நைலான் தட்டு, 6 மி.மீ. பின். ஆகஸ்டில் குறுவட்டம். அதை வெறுங்காலில்தான் ஓடப்போகிறானாம்.