ஒன்பதாம் வகுப்பு, எட்டாவது பாடம்: பழைய பேப்பர் கடையில் தேட வேண்டிய ஒரு புத்தகம்

தோழர்களே, தோள்சீலைப் போராட்டத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கூட்டங்களில் பேசுகிறோம். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எத்தனை பேர்? செல்போனில் வந்த ஒரு படம்தான் பெரும்பாலும் நம் ஆதாரம். அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று எதிராளி கேட்டால் விழிக்கிறோம்.

புத்தகம் இதுதான்: என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாறு, 'இந்தியா அண்டு த கன்டெம்பரரி வேர்ல்டு - I'. மொத்தம் எட்டுப் பாடங்கள். கடைசிப் பாடம் உடையின் சமூக வரலாறு. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய போராட்டம் அதில்தான் இருந்தது. ஏழாவது பாடம் கிரிக்கெட். தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவுக்குக் கேப்டன் பதவி மறுக்கப்பட்ட கதை அதில் வரும்.

2012இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. நாடார்களைப் பிழைக்க வந்தவர்கள் என்று புத்தகம் எழுதியிருந்ததுதான் காரணம். அந்தக் கோபம் நியாயமானது. வாக்கியத்தைத் திருத்தியிருக்கலாம். 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று கடைசி மூன்று பாடங்களையும் என்.சி.இ.ஆர்.டி. மொத்தமாக நீக்கியது. திருத்தம் கேட்டவர்களுக்கு நீக்கம் கிடைத்தது. இதை வாதாட வேண்டுமென்றால் அந்த வாக்கியமும் வேண்டும், அதைச் சுற்றியுள்ள பக்கங்களும் வேண்டும்.

தேடும்போது எங்கே ஏமாறுவோம்? தலைப்பு மாறவில்லை. மறு அச்சு என்பதால் ஐ.எஸ்.பி.என். எண்ணை வைத்துத் தேடினாலும் ஐந்து பாடம் உள்ள புதிய புத்தகமே வந்து நிற்கும். 'ஓல்டு என்.சி.இ.ஆர்.டி.' என்று கேட்டால் இன்னொரு குழி: போட்டித் தேர்வு எழுதுகிறவர்களின் பேச்சில் அது ஆர்.எஸ். சர்மா, பிபன் சந்திரா எழுதிய, 2006க்கு முந்தைய புத்தகங்களைக் குறிக்கும். பாடநூல் விற்பனையாளர்களிடமும் நடப்பு ஆண்டுப் புத்தகம்தான் கிடைக்கும். விற்காமல் அலமாரியின் அடியில் தங்கிய பழைய பிரதி இருந்தால் உண்டு.

ஆகவே தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு மார்ச் 2006 என்று எல்லாப் பிரதியிலும் இருக்கும். அது நமக்கு உதவாது. அதன்கீழே மறு அச்சு மாதங்கள் வரிசையாக இருக்கும். அதில் கடைசி வரிதான் உங்கள் பிரதியின் வயது. கடைசி வரி 2017 அல்லது அதற்கு முந்தையது என்றால் நம்பி எடுக்கலாம். 2018 கடைசி, 2019 என்றால் தேதியை நம்பாமல் பொருளடக்கத்தைத் திறந்து எட்டுப் பாடம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு புத்தகத்தின் பின்பக்கத்தையும் புரட்டுங்கள். நமக்கு வேண்டியது கடைசிப் பாடம்; அட்டை கிழிந்த புத்தகத்தில் முதலில் உதிர்வது அதுதான்.

நம் மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்? இங்கே பெரும்பாலான பிள்ளைகள் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள். மத்தியப் பாடத்திட்டப் புத்தகம் மாற்றலாகி வரும் குடும்பங்களோடு வருகிறது: மண்டபம் கடலோரக் காவல்படை, உச்சிப்புளி கடற்படைத் தளம், ரயில்வே. மாற்றல் வந்தால் மூட்டை கட்ட முடியாததை எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எனவே ராமநாதபுரம், மண்டபம் பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் ஏப்ரல், மே மாதங்களில் சொல்லி வையுங்கள். லோடு மதுரைக்குப் போய்விட்டால் அதோடு சரி. ஒன்பதாம் வகுப்பை 2018க்குள் முடித்த அண்ணன், அக்காக்களின் வீட்டுப் பரணையும் கேளுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் சென்னை அல்லிக்குளம் வளாகத்து மூர் மார்க்கெட் கடைகள் இருக்கின்றன. தொலைபேசியில் கேட்கும்போது "பழசு இருக்கா?" என்று கேட்காதீர்கள். "பொருளடக்கத்தையும் அச்சு விவரப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கண்ணே" என்று கேளுங்கள். பணம் அதற்குப் பிறகுதான்.

கிடைத்ததும் மூன்றைச் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்: அட்டை, அச்சு விவரப் பக்கம், எட்டாவது பாடம் முழுவதும். அச்சு விவரம் இல்லாத பி.டி.எஃப். எந்த ஆண்டுடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பக்கத்திலேயே ஐந்து பாடப் புத்தகம் ஒன்றையும் வாங்கி வையுங்கள். இரண்டையும் மேசையில் விரித்து வைத்தால், எதை எடுத்தார்கள் என்பதைப் புத்தகங்களே காட்டிவிடும்.