வாப்பாவுக்குப் பிறகு உம்மா

பிறக்கும்போது 100 பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் பிள்ளைகள். முதுமையில் கணக்கு தலைகீழ். மாரடைப்பு, புகைத்தல், விபத்து என்று ஆண்கள் முந்திப் போகிறார்கள். நம் நாட்டில் பெண்கள் ஆறேழு வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள். வாப்பா ஐந்து வயது மூத்தவரென்றால், உம்மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் தனிமை.

கடைசிக் காலத்தில் வாப்பாவை உம்மா பார்த்தார். உம்மாவை யார் பார்ப்பது? வாப்பா அரச ஊழியரென்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் வரும். பெட்டிக்கடை வைத்திருந்தவரென்றால்?

கிழக்கில் நாம் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிடுகிறோம். பிள்ளைகள் இருந்தால் வாப்பா விட்டுச்சென்றதில் எட்டில் ஒன்று உம்மாவுக்கு. எழுதிக்கொடுத்த வீடு அதில் சேராது. மிச்சத்தையும் "உம்மா நம்மோடுதானே" என்று பிரிக்காமலே வைத்திருக்கிறோம். உறுதி முடிக்கும்போது உம்மாவின் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லலாமே. ஒரு வரிதான்.