வால்வை யார் மூடுவது? – ‘படவேண்டும்’ தமிழுக்கு எதிராக ஒரு வார்த்தை

எங்கள் தொடர்மாடிகளின் லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கிற அறிவித்தல்களைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கள். வெள்ளவத்தையானாலும் சரி, கொட்டாஞ்சேனையானாலும் சரி, எல்லாம் ஒரே ஆள் எழுதினது மாதிரி இருக்கும். மூடப்பட வேண்டும். பேணப்பட வேண்டும். தவிர்க்கப்பட வேண்டும். கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வருகிற தாளிலும், ஜெனரேட்டர் கையேட்டிலும், கேஸ் அடுப்போடு தருகிற துண்டிலும் இதே தமிழ்தான்.

இதைச் செயப்பாட்டுவினை என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அது இலக்கணத்தில் இருக்கட்டும், அதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒருவர் கையால் ஒரு வேலையைச் செய்ய வேண்டிய இடத்தில் இந்தத் தமிழ் ஆபத்தானது என்று சொல்கிறோம். நடை அழகு பற்றிய பேச்சு இல்லை இது.

2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் கேஸ் வெடித்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். சவர்க்காரத் தண்ணீரை ரெகுலேட்டரில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சமைத்த காலம் அது. ஆகவே கேஸையே உதாரணமாக எடுப்போம். கீழே உள்ளது எந்தக் கம்பனியின் துண்டும் இல்லை. இந்த ‘படவேண்டும்’ தமிழில் எழுதினால் எப்படி வரும் என்று காட்ட நாங்களே எழுதினது. வாசித்ததும் பழக்கமான குரலாகத்தான் இருக்கும்:

“எரிவாயுக் கசிவு உணரப்படும் பட்சத்தில் வால்வு மூடப்பட்டிருக்க வேண்டும். மின் ஆளிகள் இயக்கப்படுதல் தவிர்க்கப்பட வேண்டும். கதவு, ஜன்னல்கள் திறக்கப்பட்டு காற்றோட்டம் உறுதிப்படுத்தப்பட வேண்டும். உரிய தரப்பினருக்கு அறிவிக்கப்பட வேண்டும்.”

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ‘வால்வு மூடப்பட்டிருக்க வேண்டும்.’ இதற்குத் தமிழில் மூன்று அர்த்தம் இருக்கிறது. ஒன்று, ‘போய் மூடு’ என்ற கட்டளை. இரண்டு, ‘எப்போதும் மூடின நிலையில் இருக்க வேண்டும்’ என்ற விதி. மூன்றாவதுதான் பயங்கரம்: ‘யாரோ மூடியிருப்பார்கள்’ என்ற ஊகம். பத்திரிகையில் தினமும் வாசிக்கிறோமே, ‘பூட்டு இரவிலேயே உடைக்கப்பட்டிருக்க வேண்டும் எனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர்’ என்று. அதே வினைமுற்று, அதே அமைப்பு. சந்தேகத்தைச் சொல்லுகிற வாக்கியத்தையே கட்டளைக்கும் பாவிக்கிறோம். குசினி முழுக்க கேஸ் மணக்கிற நேரத்தில் இந்த மூன்றில் எது சரி என்று யோசிக்க யாருக்கு நேரம்?

இரண்டாவது வாக்கியம் இதைவிட மோசம். ‘ஆளிகள் இயக்கப்படுதல் தவிர்க்கப்பட வேண்டும்.’ இதை வாசிக்கிற ஒருவர் என்ன விளங்குவார்? ‘லைட்டைப் போடக்கூடாது’ என்று விளங்குவார். அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனை ஓஃப் பண்ணுவது நல்லதுதானே என்று நினைத்து சுவிட்சில் கை வைப்பார். சுவிட்சைப் போடும்போது மட்டும் பொறி பறப்பதில்லை, ஓஃப் பண்ணும்போதும் உள்ளே பொறி பறக்கும். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தங்கி, மூலை முடுக்கில் தேங்கி நிற்கும். அந்தப் பொறி போதும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த வாக்கியத்தைச் செய்வினைக்கு மாற்ற உட்கார்ந்தால், எழுதுகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: வாசிக்கிறவர் கையால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது? ‘எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், ஓஃப் பண்ணவும் வேண்டாம்’ என்று எழுதினால்தான் அந்தக் கேள்வி முடியும். ‘இயக்கப்படுதல் தவிர்க்கப்பட’ என்று எழுதினால் பதில் தெரியாமலே தப்பிவிடலாம். செயப்பாட்டுவினை செய்கிறவரை மட்டும் மறைக்கவில்லை, எழுதினவருக்கு விஷயம் தெரியாது என்பதையும் சேர்த்து மறைக்கிறது.

மூன்றாவது வாக்கியத்தில் வரிசை தொலைந்துபோகிறது. கதவைத் திறப்பது முதலா, வால்வை மூடுவது முதலா? நான்காவதில் ஆளே இல்லை. ‘உரிய தரப்பினர்’ என்றால் யார்? வாச்சரா, கேஸ் கடைக்காரரா, தீயணைப்புப் படையா?

இப்போது அதே துண்டைத் தமிழர் பேசுகிற தமிழில் எழுதிப் பார்ப்போம்.

கேஸ் மணந்தால்:
1. அடுப்பையும் எரிகிற விளக்கையும் அணையுங்கள்.
2. ரெகுலேட்டரை மூடுங்கள்.
3. எந்த சுவிட்சையும் போட வேண்டாம், ஓஃப் பண்ணவும் வேண்டாம்.
4. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.
5. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். லிஃப்டில் ஏறாதீர்கள், படியால் இறங்குங்கள்.
6. வெளியே நின்று 110க்குக் கோல் எடுங்கள்.

முதல் துண்டில் நாலு வாக்கியம், இதில் ஏழு. ஆனால் இதை வீட்டில் உம்மாவும் விளங்குவா, வேலைக்கு வருகிற அக்காவும் விளங்குவா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் விளங்கும். ஒரு வாக்கியத்தை வாசித்து, அதைச் செய்துவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆகாய விமானம் திருத்துகிற ஆட்களுக்காக 1986இல் ஐரோப்பிய விமானத் தொழில்துறை ஓர் எளிய ஆங்கில விதித்தொகுப்பை வெளியிட்டது. இன்று அதை எஸ்டிஈ என்று சொல்கிறார்கள். காரணம் எளிது: கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, திருத்துகிறவருக்கோ ஆங்கிலம் தாய்மொழி இல்லை. செய்முறை எழுதும்போது செய்வினையில், நேரடிக் கட்டளையாக எழுது, ஒரு செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது என்று அதில் விதி இருக்கிறது. விமானத்தின் போல்ட்டை முறுக்கச் சொல்லும்போது ‘முறுக்கப்பட வேண்டும்’ என்று எழுத அவர்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் மட்டும் கேஸ் சிலிண்டருக்குப் பயமில்லாமல் எழுதுகிறோம்.

இதைச் சொன்னால் உடனே இரண்டு மறுப்பு வரும்.

முதலாவது: ‘மூடுங்கள், திறவுங்கள் என்பது வீட்டுப் பேச்சு. அரச கடிதத்துக்கும் கையேட்டுக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா?’ வேண்டும். ஆனால் அந்தக் கௌரவத்துக்குத் தமிழிலேயே ஒரு வடிவம் தயாராக இருக்கிறது. வரிசையில் நிற்கவும். கதவை மூடவும். இங்கே கையொப்பமிடவும். இந்த ‘-வும்’ யாரையும் அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அலுவலகத்துக்கும் பொருந்தும், கடைக்கும் பொருந்தும். ‘மூடவும்’ என்ற ஒரு சொல் இருக்கும்போது ‘மூடப்படுதல் வேண்டும்’ எதற்கு? நீளமாக இருந்தால் மரியாதை கூடும் என்று யார் சொன்னது?

இரண்டாவது மறுப்பு: ‘கையேட்டில் ஆளைவிடப் பொருள்தான் முக்கியம். வால்வு முன்னுக்கு வர வேண்டும். அதனால்தான் செயப்பாட்டுவினை.’ இந்த நியாயம் ஆங்கிலத்துக்குச் சரி. ஆங்கிலத்தில் வினை முன்னுக்கும் பொருள் பின்னுக்கும் நிற்கும். வால்வை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவர அவர்களுக்குச் செயப்பாட்டுவினை கைகொடுக்கிறது. தமிழில் அந்தக் கஷ்டம் இல்லை. ‘வால்வை மூடவும்’ என்றால் வால்வு ஏற்கெனவே முன்னுக்குத்தான் நிற்கிறது. ‘நீங்கள்’ என்று எழுதவும் தேவையில்லை, வினையே அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் தன் வருத்தத்துக்குச் சாப்பிடுகிற மருந்தை, அந்த வருத்தம் இல்லாத நாங்கள் ஏன் சாப்பிட வேண்டும்?

எங்கிருந்து வந்தது இது? 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1987இல் 13ஆம் திருத்தம் வந்துதான் தமிழும் ஓர் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. ஆனால் கந்தோர்த் தாள்கள் இன்றைக்கும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறந்து, பிறகுதான் தமிழுக்கு வருகின்றன. சிங்கள எழுத்து வழக்கில் ‘தெனு லெபே’, ‘கரனு லெபே’ என்று வாக்கியம் முடியும். ஆங்கிலத்திலும் அதற்கு நேரான அமைப்பு உண்டு. சொல்லுக்குச் சொல் வைத்தால் தமிழில் ‘அறியத்தரப்படுகிறது’ வந்து நிற்கும். நாங்களும் அதையே ‘நல்ல தமிழ்’ என்று நம்பி, பாடசாலைக் கடிதத்திலும் பள்ளிவாசல் பலகையிலும் கொப்பி பண்ணுகிறோம். உரிமையாகக் கிடைத்த மொழியை இரவல் உடுப்போடு நடக்கவிடுகிறோம்.

செயப்பாட்டுவினையை முழுதாக ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு இடம் இருக்கிறது. ‘இந்த மூடி தொழிற்சாலையில் முத்திரையிடப்பட்டுள்ளது. திறக்க வேண்டாம்.’ இதில் முதல் வாக்கியம் சரியான செயப்பாட்டுவினை. முத்திரை வைத்தவர் யார் என்பது எங்களுக்குத் தேவையில்லை, வைத்தாகிவிட்டது என்பதுதான் தேவை. இரண்டாவது வாக்கியம் எங்கள் கைக்கு வருகிற கட்டளை, அது செய்வினை. ஏற்கெனவே நடந்து முடிந்ததற்கு ‘படு’ போடலாம், இனி ஒருவர் செய்ய வேண்டியதற்குப் போடக்கூடாது. இந்த ஒரு கோடு போதும்.

இந்தக் கோட்டை எங்கே கீறுவது? வகுப்பில்தான். இலக்கணப் பாடத்தில் ‘கண்ணன் பழத்தை உண்டான்’ என்பதை ‘கண்ணனால் பழம் உண்ணப்பட்டது’ என்று மாற்றச் சொல்லிப் புள்ளி போடுகிறார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை எந்த வீட்டில் யார் பேசியிருக்கிறார்கள்? மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று பயிற்சி சொல்வதில்லை. அதைத் தலைகீழாக்கினால் பாடம் பிரயோசனப்படும். வீட்டிலிருந்து ஒரு மருந்துத் தாளோ அயன் பெட்டித் துண்டோ கொண்டுவரச் சொல்லுவோம். ஒவ்வொரு ‘பட வேண்டும்’ கீழேயும் கோடு போட்டு, ‘யார்? எப்போது? கையால் என்ன?’ என்று எழுதச் சொல்லுவோம். பதில் வராத இடத்தில் துண்டு பிழை, பிள்ளை பிழையில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை. அடுத்த முறை உங்கள் தொடர்மாடிச் சங்கம் ‘தண்ணீர்த் தாங்கி சுத்திகரிக்கப்படவுள்ளதால் நீர் சேமித்து வைக்கப்பட வேண்டும்’ என்று ஒட்டினால், பேனையை எடுத்து அடியில் மூன்று கேள்வி எழுதுங்கள்: யார் கழுவுகிறார், எத்தனை மணிக்கு நிற்பாட்டுகிறார், யாருக்குக் கோல் எடுப்பது? செயலாளர் கோபித்தால் கோபிக்கட்டும். மறுநாள் ஒட்டுகிற தாளில் மூன்றுக்கும் பதில் இருக்கும்.