தாய்ப்பெயரா, தனிப்பெயரா?

சீர்காழிப் பகுதியில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியுடன் என்னிடம் வந்தார். பொன்னிப் புழுங்கலரிசியில் பெயரெடுத்த ஆலை அது. இப்போது விலை குறைந்த அரிசி ஒன்றையும் மாப்பிள்ளைச் சம்பா அவலையும் பைகளில் அடைத்து விற்க எண்ணுகிறார். பழைய பெயரையே போடலாமா, புதுப்பெயர் சூட்டலாமா என்றார்.

எனக்கு ஓசூர் நினைவுக்கு வந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், இதே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது. தொண்ணூறுகளில் அதன் மலிவு விலைக் கடிகாரங்கள் டைமெக்ஸுடனான கூட்டின்வழி விற்பனையாயின. அக்கூட்டு முறிந்தபின் அந்தச் சந்தைக்கு வேறொரு கடிகாரம் தேவைப்பட்டது. அதற்கு டைட்டன் பெயரை வைத்திருந்தால், மாப்பிள்ளைக்குப் பரிசளிக்கும் கடிகாரம் என்ற மதிப்பு தேய்ந்திருக்கும். எனவே 'சொனாட்டா' பிறந்தது. ஆனாலும் அது அநாதையாக விடப்படவில்லை. டாடாவின் பெயர் அதற்குத் துணை நின்றது.

நகைக்கு நேர்ந்தது வேறு. தங்கத்தின் தூய்மையை வாங்குபவர் கண்ணால் அறிய முடியாது. கடிகாரத்தில் பெற்ற நற்பெயர் அதற்குச் சான்றாகாது. 'தனிஷ்க்' என்ற தனிப்பெயரில் இறங்கிய நிறுவனம், தூய்மையைக் காட்டும் கேரட் மீட்டரைக் கடையிலேயே வைத்துப் புதிதாக நம்பிக்கை ஈட்டவேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடிக்கோ டைட்டன் பெயரே போதுமானதாயிற்று. துல்லியம், தோற்றம் என்னும் கடிகாரத்தின் இரு குணங்களும் அங்கே அப்படியே செல்லும். இளைஞர்களுக்கான 'ஃபாஸ்ட்ராக்' 1998-இல் டைட்டனின் துணைப்பெயராக வந்து, 2005-இல் தனித்து நின்றது. முதலில் எடுத்த முடிவே இறுதியாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று.

பெயர் என்பது பொருளியலில் ஓர் ஈடு. சோறு வடிக்கும்வரை அரிசியின் தரம் தெரியாது என்பதால்தான் வீட்டார் பெயரைப் பார்த்து வாங்குகின்றனர். மலிவு அரிசி குழைந்துபோனால், பொன்னியும் கெட்டுவிட்டது என்றே பேசுவார்கள். ஆகவே அதற்கு வேறு பெயர் வையுங்கள் என்றேன். அவலுக்குப் பழைய பெயரே பொருந்தும். நல்ல நெல்லைத் தேர்ந்தெடுக்கும் திறமைக்குத்தானே அந்தப் பெயர்!

'புதுப்பெயரை யார் அறிவார்? விளம்பரத்துக்குப் பணமில்லையே' என்றார். நியாயமான தடைதான், டாடாவைப் போல் பின்னால் நிற்க அவருக்கு இன்னொரு பெயர் இல்லை. ஆனால், பையின்மீது தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் அச்சிடவேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் புதுப்பெயர் பெரிதாக இருக்கட்டும். பின்பக்கம் ஆலையின் பெயர் சிறிய எழுத்தில் எப்படியும் இருக்கும். மளிகைக் கடைக்காரர் அதைப் படித்துக்கொள்வார். சரக்கை அடுக்கில் வைப்பவர் அவர்தானே.

அவல் பைகளை அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். மலிவு அரிசிக்குப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.