வழக்குத் தொடுத்தவரும் கடன்பட்டவராக இருந்தால்



நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. அஞ்சி அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம், அல்லது, "அவன்தான் எனக்குத் தரவேண்டும், நான் எதற்குத் தரவேண்டும்?" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறோம். தெருவில் சொன்ன அந்தச் சொல்லை உரிய காலத்தில், உரிய முறையில், நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கத் தவறியதால் கைக்கு வரவேண்டிய பணத்தை இழந்தவர்கள் உண்டு. பிரதிவாதியாக அழைக்கப்பட்டவர் அதே வழக்கிலேயே தம் உரிமையையும் கோரலாம் என்பதைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். சட்டம் என் துறையன்று. வழக்கறிஞரான நண்பர் ஒருவருடன் அமர்ந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் கட்டளையை வரிவரியாக வாசித்த பின்னரே எழுதுகிறேன்.

விளக்கத்திற்காக ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். அணைக்கட்டிலே ஒரு குடும்பம் நான்கு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஆம்பூர் வணிகர் ஒருவருக்குக் காலணியின் மேற்பகுதிகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறது. வெட்டிய தோல் வணிகரிடமிருந்து வரும். தைத்த சோடிகள் அவரிடம் திரும்பிப் போகும். 2022 ஏப்ரல் 20 அன்று 3,000 சோடிகள் தைத்து ஒப்படைக்கப்பட்டன. சோடிக்கு 40 ரூபாய் வீதம் கூலி 1,20,000 ரூபாய். வணிகரின் கணக்கர் ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்திட்டார். கூலி மட்டும் வரவில்லை. அதே ஆண்டு ஜூன் 15இல், புதிய இயந்திரங்களுக்காக வணிகர் 1,80,000 ரூபாய் முன்பணம் கொடுத்துப் புரோநோட்டு எழுதி வாங்கினார். மாதந்தோறும் இவ்வளவு தோல் அனுப்புவேன் என்று எழுத்திலும் ஒப்புக்கொண்டார். ஆனால் செப்டம்பர் 1 அன்று தோல் அனுப்புவதை அடியோடு நிறுத்திவிட்டார். இயந்திரங்கள் சும்மா கிடந்தன. அமர்த்திய ஆட்களுக்குக் கொடுத்த கூலியும் இழந்த வருமானமும் சேர்ந்து 90,000 ரூபாய் நட்டம் என்பது குடும்பத் தலைவரின் கணக்கு.

2025 மார்ச் 10ஆம் நாள் வணிகர் புரோநோட்டின் மீது வழக்குத் தொடுக்கிறார். ஜூன் 9ஆம் நாள் அழைப்பாணை நம்மவர் கைக்கு வந்து சேருகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வட்டியை விட்டுவிடுவோம். இப்பொழுது அவர் என்ன செய்யலாம்?

புரோநோட்டில் உள்ளது தம் கையெழுத்து என்பதை அவர் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அவர் கையில் வேறு இரண்டு உரிமைகள் உள்ளன. அவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

முதலாவது, 1,20,000 ரூபாய் கூலி. எண்ணிக்கை சீட்டில் இருக்கிறது. விலை பேசி முடித்தது. பெருக்கிப் பார்த்தால் தொகை வந்துவிடும். எவரும் மதிப்பிட வேண்டியதில்லை. இதனைச் சட்டம் 'அறுதியிடப்பட்ட தொகை' என்கிறது. வாதி கேட்கும் தொகையில் இத்தகைய தொகையைக் கழித்துக்கொள்ளும்படி பிரதிவாதி கேட்பதையே வழக்கறிஞர்கள் செட்-ஆஃப் என்பார்கள். நாம் பற்றுக்கழிப்பு என்போம். எட்டாம் கட்டளையின் ஆறாம் விதி இதற்கு இடமளிக்கிறது. வழக்கு பணம் வசூலிக்கும் வழக்காக இருக்கவேண்டும். தொகை அந்த நீதிமன்றத்தின் பண எல்லைக்குள் அடங்கவேண்டும். இருவரும் இரண்டு கடன்களிலும் அதே தகுதியில் நிற்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் இடறுகிறார்கள். புரோநோட்டு தம் சொந்தப் பெயரிலும், கூலிச்சீட்டு தாமும் தம்பியும் கூட்டாக நடத்தும் நிறுவனத்தின் பெயரிலும் இருந்தால், இவருடைய தனிக்கடனில் கூட்டாளிகளின் பணத்தைக் கழிக்க இயலாது.

இரண்டாவது, 90,000 ரூபாய் நட்டம். இது இவருடைய மதிப்பீடே. வணிகர் ஒப்பந்தத்தை மீறினாரா, மீறினார் என்றால் எவ்வளவு நட்டம் என்பதை நீதிமன்றம் சாட்சியம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். ஆகவே இது ஆறாம் விதியின் பற்றுக்கழிப்பில் அடங்காது. ஒரே கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்த எதிரெதிர்க் கோரிக்கைகளானால், தொகை அறுதியிடப்படாவிட்டாலும் நியாயத்தின் பொருட்டுச் சேர்த்து விசாரிக்கலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1865ஆம் ஆண்டிலேயே கிளார்க் எதிர் இரத்தினவேலு செட்டி வழக்கில் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது. உறுதியான வழி பிற்பாடுதான் வந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆறாம் விதியோடு 6ஏ முதலிய விதிகளைச் சேர்த்தது. அவை 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி நட்ட ஈடு உட்பட எந்த உரிமையையும் பிரதிவாதி அதே வழக்கில் எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம். கவுண்டர் கிளெய்ம் என்று நீதிமன்றத்தில் சொல்லுவது இதுவே. அது வாதியின் வழக்கோடு தொடர்புடையதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இரண்டையும் எங்கே எழுதுவது? எதிர்வழக்குரையிலேயே. "வாதியும் எனக்குத் தரவேண்டியிருக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்நாளில், எந்தச் சீட்டின்படி, எவ்வளவு என்பதைத் தனித்தலைப்பில் எழுதி, இன்ன தொகைக்குத் தீர்ப்பாணை வேண்டும் என்று கேட்கவேண்டும். ஏனெனில் அந்தப் பகுதி இவருடைய வழக்குரையாகவே கருதப்படும். அதனால், 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, வழக்குரைக்குச் செலுத்துவது போலவே இதற்கும் கட்டணம் செலுத்தவேண்டும். ஒன்றை மட்டும் பிரித்தறிந்துகொள்ளுங்கள். வழக்கிற்கு முன்னரே, "உன் கூலியை முன்பணத்தில் கழித்துக்கொண்டேன்" என்று வணிகர் ஒப்புக்கொண்டிருந்தால், அது பற்றுக்கழிப்பு அன்று. கடன் அந்த அளவுக்கு அடைந்துவிட்டது என்னும் எதிர்வாதமே. அதற்குக் கட்டணம் இல்லை.

இனி, மிகவும் கூர்ந்து நோக்கவேண்டிய காலக்கணக்கிற்கு வருவோம்.

செய்த வேலைக்கான கூலியைக் கேட்க மூன்று ஆண்டுகள் உண்டு. 2022 ஏப்ரல் 20 அன்று பிறந்த உரிமை 2025 ஏப்ரல் 20 அன்று காலாவதியாகிவிட்டது. அழைப்பாணை வந்ததோ ஜூன் மாதத்தில். ஆகையால் நம்மவர் அந்தக் கூலிக்காக இப்போது தனி வழக்குப் போட்டால், காலம் கடந்தது என்று தள்ளுபடியாகும். ஆயினும் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பற்றுக்கழிப்புக் கோரிக்கை வாதி வழக்குத் தொடுத்த நாளிலேயே தொடுக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும் என்கிறது. வணிகர் வழக்குத் தொடுத்த மார்ச் 10 அன்று கூலி உரிமை உயிரோடு இருந்தது. தனி வழக்கில் செத்துப்போன கூலி, பற்றுக்கழிப்பில் பிழைத்துக்கொள்கிறது!

எதிர்க்கோரிக்கைக்கு இந்தச் சலுகை இல்லை. அது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட நாளே தொடுக்கப்பட்ட நாளாகும். ஒப்பந்தம் மீறப்பட்டது 2022 செப்டம்பர் 1. மூன்று ஆண்டுகள் முடிவது 2025 செப்டம்பர் 1. எதிர்வழக்குரை தாக்கல் செய்ய அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள். நீதிமன்றம் காரணம் எழுதி 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். நம்மவர் முதற்கெடுவான ஜூலை 9க்குள் தாக்கல் செய்தால் இரண்டு உரிமைகளும் நிலைக்கும். "தொண்ணூறு நாள் இருக்கிறதே" என்று செப்டம்பர் முதல் வாரம் வரை காத்திருந்தால், எதிர்வழக்குரை ஏற்கப்பட்டாலும் 90,000 ரூபாய்க் கோரிக்கை காலாவதியாகியிருக்கும். நீதிமன்றம் பதிலுக்குத் தந்த அவகாசம் வேறு, உரிமையின் ஆயுள் வேறு. புரோநோட்டு வழக்குகள் சில சுருக்க விசாரணை முறையில் தொடுக்கப்படுவதும் உண்டு. அவற்றில் 10 நாட்களுக்குள்ளேயே முன்னிலையாகவேண்டும். ஆதலால் அழைப்பாணை வந்த அன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எதிர்வழக்குரையில் எதிர்க்கோரிக்கையை எழுத மறந்துவிட்டால்? உச்சநீதிமன்றம் 2019 நவம்பரில் அசோக் குமார் கால்ரா வழக்கில் இதற்கு விடை சொன்னது. தாமதமாக வைப்பதை நீதிமன்றம் தகுந்த காரணம் கண்டு அனுமதிக்கலாம். ஆனால் வழக்கின் எழுவினாக்கள் வனையப்பட்ட பின்பு அனுமதிப்பதற்கில்லை. அனுமதி கிடைத்தாலும் காலாவதியான உரிமை அதனால் உயிர்பெறாது. மேலும், எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் முன்போ, அதற்கான கெடு முடியும் முன்போ பிறந்த உரிமைக்கு மட்டுமே எதிர்க்கோரிக்கை உண்டு.

நம்மவர் ஜூலை முதல் வாரத்திலேயே தாக்கல் செய்துவிட்டார் என்று கொள்வோம். வணிகர் இதற்குப் பதில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் எதிர்க்கோரிக்கையின் மீது அவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. "இந்த நட்ட விவகாரம் தனி வழக்காகப் போகட்டும்" என்று எழுவினாக்கள் முடிவாகும் முன் அவர் மனுச் செய்யலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு. நிலைமை தமக்குப் பாதகமாகிறதென்று கண்டு அவர் தம் வழக்கையே திரும்பப் பெற்றாலும், எதிர்க்கோரிக்கை தொடர்ந்து நடக்கும்.

இறுதியில் மூன்றும் மெய்ப்பிக்கப்பட்டன என்றால் கணக்கு இப்படி முடியும். வணிகருக்கு வரவேண்டியது 1,80,000. நம்மவருக்குக் கூலி 1,20,000, நட்டம் 90,000, ஆக 2,10,000. கழித்தால் 30,000 ரூபாய் நம்மவருக்கே தீர்ப்பாகும். கடன்காரர் என்று அழைக்கப்பட்டவர் தீர்ப்பாணையைக் கையில் பெற்றவராக வீடு திரும்புவார். நட்டம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றாலும், 1,80,000க்குப் பதில் 60,000 தான் அவர் செலுத்தவேண்டியிருக்கும்.

அவர் வாளாவிருந்திருந்தால்? புரோநோட்டுக்கு முழுத்தொகையும் தீர்ப்பாகும். கூலி காலாவதி. நட்டத்திற்குத் தனி வழக்கை உரிய காலத்தில் போட்டிருந்தாலும், அது முடிவதற்குள் வணிகர் தம் தீர்ப்பாணையை நிறைவேற்ற மனுச் செய்து வீட்டுமனையை ஜப்தி செய்யக்கூடும். பணம் வரவேண்டியவரே மனையை இழந்து நிற்பார்.

இவ்வளவும் ஒரு துண்டுச் சீட்டில் இருந்த கையெழுத்தைப் பொறுத்தது என்பதைக் கவனித்தீர்களா? அந்த ஒப்படைப்புச் சீட்டு இல்லாவிட்டால், 3,000 சோடிகள் என்பதும் வாய்ச்சொல்லாகிவிடும். ஆகவே சரக்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை, விலை, நாள் ஆகிய மூன்றையும் எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். பெற்றுக்கொள்பவர் நெடுநாள் பழகியவராயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். புரோநோட்டு எழுதி வாங்கும்போது அவர் கூச்சப்படவில்லையே.